ஸ்கேன் அறிக்கையில் வலதும் இடதும் மாறியிருந்தால்: வைத்தியசாலைக்கு எழுதும் திருத்தக் கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவின் ஸ்கேன் அறிக்கையில் மேலே இடது சிறுநீரகத்தில் கல் என்று இருக்கிறது. கடைசி வரியில் வலது என்று இருக்கிறது. எது சரி என்று நாங்களே எப்படித் தீர்மானிப்பது?

அதை நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை, தீர்மானிக்கவும் கூடாது. உங்கள் வேலை, முரண்பாடு இருக்கிறது என்பதை எழுத்தில் காட்டி, அறிக்கை எழுதிய வைத்தியரைக் கொண்டு படங்களை மறுபடி பார்க்க வைப்பது மட்டுமே.

ஸ்கேன் அறிக்கைக்குப் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதியில் ஒவ்வோர் உறுப்பையும் பார்த்தபோது கண்டவை வரிசையாக எழுதப்படும்: கல்லீரல், பித்தப்பை, வலது சிறுநீரகம், இடது சிறுநீரகம் என்று அது இறங்கிச் செல்லும். அடியில் இரண்டு மூன்று வரிகளில் முடிவு எழுதப்படும். கிளினிக்கில் நோயாளர் கூட்டம் நிறைந்த காலை வேளையில் வைத்தியரின் கண் முதலில் போவது இந்த அடிவரிகளுக்குத்தான். ஆகையால் முதற்பகுதி சரியாகவும் முடிவு தவறாகவும் இருந்தால், கிளினிக் கொப்பியில் ஏறுவது தவறான பக்கமாகவே இருக்கும்.

முதற்பகுதிதான் நீளமானது, ஆகவே அதுவே சரி என்று ஊகிப்பதிலும் ஆபத்து உண்டு. ஸ்கேன் செய்துகொண்டே சொல்லும்போது பக்கம் மாறிப்போய், முடிவை எழுதும்போது சரியாக அமைந்த அறிக்கைகளும் இருக்கின்றன. வலி எந்தப் பக்கம் என்பது நல்ல தடயம், ஆனால் சான்று அல்ல. ஒரு பக்கத்தில் வலியும் மறுபக்கத்தில் வலியே தராத கல்லும் ஒரே ஆளிடம் இருக்கலாம். எனவே கடிதத்தில் வலியின் பக்கத்தைக் குறிப்பிடுங்கள். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அறிக்கைக்குள் முரண்பாடு எதுவும் இல்லை. ஆனால் சீ.டி. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கட்டி இடப்பக்கம் தெரிகிறது, அறிக்கையோ வலது என்கிறது. திருத்தம் கேட்கலாமா?

கேட்பதற்கு முன் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏனெனில் வைத்தியசாலைகளுக்குப் போகும் திருத்தக் கோரிக்கைகளில் இந்த வகை பெரும்பாலும் தவறான கோரிக்கையாகவே முடியும்.

சீ.டி. குறுக்குவெட்டுப் படங்கள், மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியை அவருடைய கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோல் அடுக்கப்படுகின்றன. ஆகவே நோயாளியின் வலப்பக்கம் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் வரும். மார்பு எக்ஸ்ரேயும் நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதுபோலவே மாட்டப்படும். படத்தின் ஓரத்தில் R அல்லது L என்ற எழுத்து இருக்கும். அந்த எழுத்துத்தான் பக்கத்தைச் சொல்கிறது, உங்கள் கை அல்ல. பிலிமைப் பின்புறமாகத் திருப்பிப் பிடித்தால் அந்த எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறித் தெரியும். R நேராக வாசிக்கக் கூடியதாக இருக்கும்படி பிடித்த பின்னரும் முரண்பாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

வயிற்றுப் படமாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. கல்லீரல் வலப்பக்கம் இருக்கும் பெரிய உறுப்பு; மண்ணீரல் இடப்பக்கம் இருக்கும். உறுப்புகள் பிறவியிலேயே பக்கம் மாறி அமைந்திருப்பது மிக அபூர்வம். படத்தை வாசிக்கப் பழகிய ஒருவருக்குக் கல்லீரலை அடுத்துத் தெரியும் சிறுநீரகம் வலது என்பது உடனே விளங்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் உள்ள வைத்திய உதவியாளரிடமோ, உங்களை ஸ்கேனுக்கு அனுப்பிய வைத்தியரிடமோ முதலில் ஒரு தடவை காட்டுங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் எழுதுங்கள். ஆனால் “தவறு” என்று எழுதாமல் “சரிபார்த்துத் தருமாறு கேட்கிறேன்” என்று எழுதுங்கள்.

படத்தையே பார்க்காமல் கண்டுபிடிக்கக்கூடிய முரண்பாடுகளும் உள்ளன. பல வருடங்களுக்கு முன் இடது சிறுநீரகம் அகற்றப்பட்டவருடைய அறிக்கையில் இடது சிறுநீரகம் இயல்பாக உள்ளது என்று இருந்தால், அல்லது வலது முழங்காலுக்கு அனுப்பப்பட்டவருக்கு இடது முழங்கால் பற்றி அறிக்கை வந்திருந்தால், தயங்காமல் எழுதலாம். முதலாவது உதாரணத்தில் பக்கம் மாறியிருப்பது மட்டுமல்ல, அறிக்கையே இன்னொருவருடையதாக இருக்கவும் கூடும் என்பதை மனதில் வைத்திருங்கள்.

இவ்வளவு பெரிய விடயத்தில் இப்படி ஒரு தவறு எப்படி வருகிறது?

பெரும்பாலும் உடம்பைப் பார்த்ததில் அல்ல, அதை எழுத்தாக்கியதில்தான் வருகிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வைத்தியர் கருவியை நகர்த்திக்கொண்டே சொல்வதை இன்னொருவர் தட்டச்சு செய்வதுண்டு. அறையில் வெளிச்சம் குறைவு, வெளியே பெயர் கூப்பிடும் சத்தம், சொல்வதோ சில விநாடிகள். அல்லது முன்பு தயாரித்து வைத்த அறிக்கைப் படிவத்தைத் திறந்து அதில் மாற்ற வேண்டியதை மாற்றுகிறார்கள்; மாற்றாமல் விட்ட ஒரு சொல் அப்படியே அச்சாகிவிடுகிறது. சில வேளைகளில் தவறு இன்னும் முந்தியே தொடங்கியிருக்கும்: ஸ்கேனுக்கு அனுப்பிய துண்டிலேயே பக்கம் மாற்றி எழுதப்பட்டிருக்கும், அறிக்கை அதைப் பின்பற்றியிருக்கும். இதனால்தான் கடிதத்துடன் அந்தத் துண்டின் பிரதியையும் இணைப்பது பயன்படும்.

அல்ட்ராசவுண்டுக்கு உரிய சிக்கல் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சீ.டி. இயந்திரத்தில் நோயாளி எந்த நிலையில் படுத்திருக்கிறார் என்று தொடக்கத்தில் கொடுக்கும் விவரத்தை வைத்து இயந்திரம் எல்லாப் படத்திலும் பக்கத்தைப் பதிந்துவிடும். அல்ட்ராசவுண்டிலோ கருவி உடம்பின் எந்தப் பக்கம் வைக்கப்பட்டது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. ஸ்கேன் செய்பவர் ஒவ்வொரு படத்திலும் வலது, இடது என்று குறித்தால்தான் உண்டு. அந்தக் குறிப்பே மாறியிருந்தால் படமும் அறிக்கையும் ஒன்றாகத் தவறியிருக்கும். கல்லீரலோ மண்ணீரலோ கூடவே தெரியும் படம் ஒன்று சேமிக்கப்பட்டிருந்தால் தீர்த்துவிடலாம். இல்லாவிட்டால் மீண்டும் ஸ்கேன் செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கவுண்டரில் இருந்த தங்கச்சி, “சின்னப் பிழைதானே, நான் மாற்றி அச்சடித்துத் தருகிறேன்” என்று சொன்னார். வாங்கிக்கொள்ளலாமா?

வாங்காதீர்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்; ஆனால் எந்தச் சொல்லை எதுவாக மாற்றுவது என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வலதை இடதாக்குவது சரியா, இடதை வலதாக்குவது சரியா என்பதைப் படங்களைப் பார்த்த வைத்தியர் மட்டுமே சொல்லலாம். அப்படிப் பார்க்காமல் அச்சிட்ட புதிய தாள், பழைய தாளைவிட ஆபத்தானது: பழையதில் முரண்பாடு கண்ணில் படும், புதியதில் தவறு முரண்பாடே இல்லாமல் ஒளிந்துகொள்ளும்.

பேனாவால் வெட்டித் திருத்தி ஒரு சுருக்கொப்பம் போட்டுத் தருவதும் போதாது. வைத்தியசாலையின் கணினியில் பழைய அறிக்கை அப்படியே இருக்கும், நாளை வேறொரு பிரிவு அதைத்தான் அச்சிட்டு எடுக்கும். நீங்களாக ஒருபோதும் மூலத்தாளில் எதையும் வெட்டவோ அடிக்கோடிடவோ வேண்டாம். குறியிட வேண்டுமானால் போட்டோ பிரதி ஒன்றில் குறியிடுங்கள்.

முறையான திருத்தம் என்பது, அறிக்கையில் ஒப்பமிட்ட கதிரியக்கவியல் வைத்தியர், அல்லது அவர் இல்லாதபோது அதே பிரிவிலுள்ள இன்னொரு விசேட வைத்தியர், படங்களை மீண்டும் பார்த்து வெளியிடும் திருத்திய அறிக்கை அல்லது பிற்சேர்க்கை. அதில் முதல் அறிக்கையின் திகதி, திருத்திய திகதி, எந்தச் சொல் எதுவாக மாறியது, திருத்தியவரின் பெயரும் ஒப்பமும் இருக்க வேண்டும். முதல் அறிக்கை அழிக்கப்படாமல் பதிவில் இருப்பதே நல்லது. அதை வைத்து ஏற்கெனவே யாராவது முடிவெடுத்திருந்தால் ஏன் அப்படி எடுத்தார் என்பது விளங்க வேண்டுமல்லவா?

கடிதத்தை யாருக்கு அனுப்புவது?

ஸ்கேன் எடுத்த இடத்துக்கு. சிகிச்சை தரும் வைத்தியசாலை வேறாக இருந்தாலும் அறிக்கையைத் திருத்தும் அதிகாரம் அதை வெளியிட்ட இடத்துக்கே உண்டு. அரசாங்க வைத்தியசாலையானால் பணிப்பாளர் அல்லது வைத்திய அத்தியட்சகர் பெயருக்கு எழுதி, கதிரியக்கவியல் பிரிவின் பொறுப்பான விசேட வைத்தியருக்குப் பிரதி போடுங்கள். தனியார் வைத்தியசாலையானால் அதன் மருத்துவப் பணிப்பாளருக்கு எழுதலாம். உங்களை ஸ்கேனுக்கு அனுப்பிய வைத்தியருக்கும் கட்டாயம் ஒரு பிரதி போக வேண்டும். உண்மையில் அந்தப் பிரதிதான் அவசரமானது.

கையில் கொடுப்பதானால் இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரையும் பெற்றவரின் ஒப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மேல் பிரிவுத் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு இறங்குவது ஒரு நாள் சம்பளத்தை இழக்கும் வேலை என்பது தெரிந்ததே. அப்படியானால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வைக்கலாம்.

என்ன எழுத வேண்டும்? மாதிரி ஒன்று தர முடியுமா?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டம் ஒன்றில் வசிக்கும் 58 வயதுப் பெண் ஒருவருக்கு இடது விலாவுக்குக் கீழே வலி. அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே நாள் தள்ளியிருந்ததால் நகரிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில் எடுத்தார். அறிக்கையின் முதற்பகுதியில் வலது சிறுநீரகம் இயல்பானது என்றும், இடது சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் சந்திக்கும் இடத்தில் 8 மி.மீ. கல் இருந்து சிறுநீர் சற்றே தேங்கியுள்ளது என்றும் எழுதப்பட்டிருந்தது. முடிவிலோ அதே 8 மி.மீ. கல் வலப்பக்கம் என்று இருந்தது. நகரத்துக் கடையொன்றில் வேலை செய்யும் மகன்தான் வாசித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவர்கள் எழுத வேண்டிய கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

> (நோயாளியின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம்)
> (திகதி)
>
> மருத்துவப் பணிப்பாளர்,
> (வைத்தியசாலையின் பெயரும் முகவரியும்)
>
> மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,
>
> ஸ்கேன் அறிக்கையில் வலது / இடது பக்க முரண்பாட்டைப் பரிசீலித்துத் திருத்தித் தரக் கோருதல்
> ஸ்கேன் இலக்கம்: ........ எடுத்த திகதி: ........ தேசிய அடையாள அட்டை இலக்கம்: ........
>
> மேற்குறித்த திகதியில் தங்கள் வைத்தியசாலையில் எனக்கு வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்யப்பட்டது. அதன் அறிக்கையில் பின்வரும் முரண்பாடு உள்ளது.
>
> முதற்பகுதி, 5ஆம் வரி: இடது சிறுநீரகத்தில் 8 மி.மீ. கல். வலது சிறுநீரகம் இயல்பானது.
> முடிவு, 1ஆம் வரி: வலது பக்கத்தில் 8 மி.மீ. கல்.
>
> எனக்கு வலி இருப்பது இடப்பக்கத்தில். என்னை அனுப்பிய துண்டிலும் இடது என்றே உள்ளது. எனினும் எந்தப் பக்கம் சரியானது என்பதைச் சேமிக்கப்பட்ட படங்களைப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும் என்பதை அறிவேன்.
>
> ஆகவே, அறிக்கையில் ஒப்பமிட்ட வைத்தியர் படங்களை மீண்டும் பார்வையிட்டு, திருத்தப்பட்டது என்ற குறிப்புடனும் திகதியுடனும் ஒப்பத்துடனும் திருத்திய அறிக்கையை வழங்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். படங்களைக் கொண்டு உறுதிசெய்ய இயலாவிட்டால், அதையும் எழுத்தில் தெரிவித்து, மீள் ஸ்கேனுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன்.
>
> எனது அடுத்த சத்திரசிகிச்சை கிளினிக் திகதி ........ ஆகும். அதற்கு முன்னர் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.
>
> இணைப்பு: அறிக்கையின் பிரதி (குறியிடப்பட்டது), அனுப்பிய துண்டின் பிரதி
> பிரதி: (கிளினிக் வைத்தியரும் வைத்தியசாலையும்)
>
> இப்படிக்கு,
> (ஒப்பம் / பெயர்)

இந்தக் கடிதத்தில் “அலட்சியம்”, “நடவடிக்கை”, “நட்டஈடு” என்ற சொற்கள் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றை எழுத உங்களுக்கு உரிமை இல்லை என்பதல்ல. அந்தச் சொற்கள் வந்தவுடன் கடிதம் கதிரியக்கவியல் பிரிவுக்குப் போகாமல் முறைப்பாட்டுக் கோப்புக்குப் போய்விடும்; அங்கே விளக்கம் கேட்பார்கள், பதில் எழுதுவார்கள், நாட்கள் போகும், அறிக்கை திருந்தாது. முறைப்பாடு செய்ய விரும்பினால் திருத்தம் கிடைத்த பிறகு தனிக் கடிதமாக எழுதுங்கள்.

அறிக்கையின் வரிகளைக் கடிதத்தில் எடுத்தெழுதும்போது, அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் அந்த வரிகளை எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்தெழுதுங்கள். மேலே வசதிக்காகத் தமிழில் தந்திருக்கிறேன். “ரைட்”, “லெப்ட்” என்ற சொற்கள் எந்த வரியில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதே இங்கு முழு விடயமும். சிலர் கடிதத்திலேயே பக்கத்தை மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஆகவே எழுதி முடித்ததும் இன்னொருவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் அறிக்கையைக் கையில் வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்த கிளினிக் திகதியைக் குறிப்பிடுவதும் சும்மா இல்லை. “இயன்றளவு விரைவில்” என்று எழுதினால் அது எந்த மேசையிலும் எந்த நாளையும் குறிக்காது. திகதி இருந்தால், கடிதத்தைத் திறக்கும் எழுதுவினைஞருக்கே அதை எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்பது விளங்கும்.

தமிழில் எழுதினால் வாசிப்பார்களா?

1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் தமிழும் அரசகரும மொழி. அரசாங்க வைத்தியசாலைக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உரிமை ஒன்று, வேகம் இன்னொன்று. கடிதம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய கதிரியக்கவியல் வைத்தியருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். மொழிபெயர்க்க ஆள் தேடி அது இரண்டு கிழமை தங்கிவிடக் கூடாது.

என் யோசனை இது: கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள், அறிக்கையின் போட்டோ பிரதியில் முரண்படும் இரண்டு சொற்களையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு ஒரு கோட்டால் இணையுங்கள். எந்த மொழி பேசும் வைத்தியரும் அந்தத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் விடயத்தைப் புரிந்துகொள்வார். சிங்களமோ ஆங்கிலமோ எழுதத் தெரிந்தவர் கிடைத்தால் தலைப்பு வரியை மட்டும் அந்த மொழியிலும் எழுதி வைக்கலாம்.

சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்க வேண்டுமா? கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். பெயரோ பிறந்த திகதியோ மாற்றுகிற விடயம் அல்ல இது. நீங்கள் எதையும் சத்தியம் செய்து நிரூபிக்கவில்லை, அவர்களிடமுள்ள படத்தை அவர்களே பார்க்கச் சொல்கிறீர்கள். நோயாளிக்குப் பதிலாக மகனோ மகளோ போவதானால், நோயாளி ஒப்பமிட்ட ஓர் அனுமதிக் கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் எடுத்துச் செல்லுங்கள். ஒப்பமிடத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம்.

ஒபரேஷன் அடுத்த கிழமை. கடிதத்துக்குப் பதில் வரும் வரை காத்திருக்க முடியாது. என்ன செய்வது?

கடிதத்தை அனுப்புங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இன்றே சத்திரசிகிச்சை நடக்கவிருக்கும் வாட்டுக்கு நேரில் போய், அல்லது தொலைபேசியில் பொறுப்புத் தாதியிடம், “ஸ்கேன் அறிக்கையில் பக்கம் முரண்படுகிறது, வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்” என்று சொல்லுங்கள். கண்டிக்கு அனுப்பப்பட்டவர்களானால் அங்குள்ள வைத்தியக் குழுவுக்குத்தான் சொல்ல வேண்டும். உள்ளூர்க் கிளினிக்கில் சொன்னது தானாக அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அனுமதிக்கப்படும் நாளில் படங்கள், இறுவட்டு, பழைய அறிக்கைகள் அனைத்தும் கையில் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு மூன்று சந்தர்ப்பங்கள் வரும். சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடும்போது எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறது எனக் கேளுங்கள். எழுதியிருப்பதை உங்கள் மொழியில் வாசித்துச் சொல்லும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம். உடம்பில் பேனாவால் பக்கத்தைக் குறிக்கும்போது நோயாளி விழித்திருக்க வேண்டும், பக்கத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். மூன்றாவது, மயக்க மருந்து கொடுக்கும் முன் பெயரும் பக்கமும் கேட்கப்படும் நேரம். உலக சுகாதார ஸ்தாபனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், நோயாளி தன் பெயரையும் சத்திரசிகிச்சை இடத்தையும் உறுதிப்படுத்தினாரா, இடம் குறிக்கப்பட்டதா, தேவையான படங்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளனவா என்ற கேள்விகள் உள்ளன. அம்மா பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் “ஆமாங்க” என்று தலையாட்டுபவராக இருந்தால், முதல் நாளே அவரிடம் சொல்லி வையுங்கள்: “இடதா?” என்று கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பக்கம் என்பதைக் கைவைத்துக் காட்டட்டும். ஆனால் முரண்பாடு தீராத நிலையில் அவர் காட்டும் கையும் போதாது. வலிக்கிற இடத்தைத்தான் அது காட்டும். படத்தை வைத்தியர் மீண்டும் பார்த்துவிட்டாரா என்று கேட்ட பிறகே சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடுங்கள்.

இது மிகைப்பட்ட எச்சரிக்கை என்று யாரேனும் சொன்னால், 2000ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில் ஒருவருக்கு நோயுற்ற சிறுநீரகத்துக்குப் பதிலாக நல்ல சிறுநீரகம் அகற்றப்பட்டது நினைவுகூரத் தக்கது. அவரை அனுமதித்த தாளிலேயே பக்கம் மாற்றி எழுதப்பட்டிருந்தது. சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருக்கையில் மருத்துவ மாணவி ஒருவர் தவறான சிறுநீரகம் என்று சுட்டிக்காட்டியும் அது ஏற்கப்படவில்லை. நோயாளி சில வாரங்களில் இறந்துபோனார்.

படம் சேமிக்கப்படவில்லை, திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். கட்ட வேண்டுமா?

முரண்பாடு அவர்களுடைய அறிக்கைக்குள் இருக்கும்போது, அதைத் தீர்ப்பதற்கான ஸ்கேனுக்கு நோயாளியிடம் பணம் கேட்பது நியாயம் அல்ல என்பதே என் கருத்து. பெரும்பாலான இடங்களில் பொறுப்பான வைத்தியரிடம் நேரில் சொன்னால் இலவசமாகவே பார்த்துத் தருவார்கள். கவுண்டரில் வாதாடுவதால் பயனில்லை. அங்கே இருப்பவர்களுக்குக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் இல்லை.

ஆனால் வலியோ காய்ச்சலோ அதிகமாக இருந்தால் பண வாதத்துக்காக ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள். சிறுநீரகக் கல்லோடு குளிர்க்காய்ச்சல் சேர்ந்தால் அது அடைப்புக்கு மேல் கிருமித்தொற்று ஏற்பட்டதைக் காட்டலாம். அப்போது அறிக்கையைத் திருத்துவது இரண்டாம்பட்சம், உடனே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே புதிதாக ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். பழைய அறிக்கையில் பக்கம் முரண்படுகிறது என்பதை அங்கும் சொல்லுங்கள்.

மீள் ஸ்கேன் நடக்கும்போது முதல் அறிக்கையை அறைக்குள் கொண்டு செல்லுங்கள். புதிய அறிக்கையில் “முந்தைய அறிக்கையின் முடிவில் பக்கம் தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தது” என்ற வரி வர வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் இரண்டு திகதிகளில் எடுத்த இரண்டு வெவ்வேறு அறிக்கைகளாகத் தெரியும். பிறகு வாசிக்கும் வைத்தியர், இரு பக்கமும் கல் இருந்ததாகவோ ஒரு கல் தானாக வெளியேறிவிட்டதாகவோ எண்ணுவதற்கு இடம் உண்டு.

கடிதம் கொடுத்து நாளாகிறது, பதிலே இல்லை.

முதலில் முத்திரையிட்ட பிரதியுடன் நேரில் போய், கடிதம் இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். பல நேரங்களில் அது தபால் பிரிவிலேயே தங்கியிருக்கும். அதன் பின்னும் பதில் இல்லையென்றால், மாகாண நிர்வாகத்தின் கீழுள்ள வைத்தியசாலைக்கு மாவட்டத்தின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும், தனியார் வைத்தியசாலைக்குத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவைக்கும் எழுதலாம். அந்தப் பேரவை 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது.

அரசாங்க வைத்தியசாலையிடமிருந்து உங்களுடைய அறிக்கையின் பிரதியைப் பெற 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தலாம். அந்தச் சட்டம் மற்றவருடைய மருத்துவப் பதிவைத் தர மறுக்க இடமளிக்கிறது. எனவே பதிவு உங்களுடையது என்பதையும் அதை வெளியிடச் சம்மதிக்கிறீர்கள் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். இந்த வழியில் பிரதி கிடைக்கும், திருத்தம் கிடைக்காது.

திருத்திய அறிக்கை கிடைத்துவிட்டது. இனிப் பழையதைக் கிழித்துப் போடலாமா?

கிழிக்காதீர்கள். பழைய தாளின் முன்பக்கத்தில் “திருத்திய அறிக்கை உண்டு, பார்க்க” என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி இணைத்து, புதியதை மேலேயும் பழையதைக் கீழேயும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய இடத்திலேயே நின்று புதிய அறிக்கையின் இரண்டு பகுதிகளையும் வாசியுங்கள். ஓரிடத்தில் திருத்தி இன்னோரிடத்தில் விட்டுவிடுவது நடக்கிற காரியம். பெயர், வயது, ஸ்கேன் எடுத்த திகதி, கல்லின் அளவு ஆகியவை முதல் அறிக்கையில் இருந்தபடியே உள்ளனவா என்றும் பாருங்கள்.

அல்ட்ராசவுண்ட் படங்கள் வழவழப்பான சுருள்தாளில் அச்சிட்டுத் தரப்பட்டிருந்தால், அது வெப்பத்தால் அச்சாகும் தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று லெமினேட் செய்யக் கொடுத்தால் சூட்டில் முழுவதும் கறுத்துப்போகும். அடுப்படிப் பக்கச் சுவரில் மாட்டி வைத்தாலும் நாளடைவில் மங்கும். தொலைபேசியில் படமெடுத்து, ஒரு போட்டோ பிரதியும் எடுத்து, மூலத்தை வெளிச்சம் படாத உறையில் வையுங்கள்.

பிறகு, தவறான பக்கம் வேறு எங்கெல்லாம் ஏறியிருக்கிறது என்று தேட வேண்டும். அறிக்கை திருந்தினாலும் அதைப் பார்த்து எழுதிய தாள்கள் தாமாகத் திருந்துவதில்லை. கிளினிக் கொப்பியின் அன்றைய பக்கம், வாட்டில் இருந்து வந்தவர்களானால் டயக்னோசிஸ் காட், கண்டிக்கு அனுப்பிய கடிதம், சத்திரசிகிச்சைக் காத்திருப்புப் பட்டியலில் உள்ள பதிவு, காப்புறுதிக்குக் கொடுத்த படிவம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் எழுதிய பிரிவே திருத்த வேண்டும். திருத்திய அறிக்கையின் பிரதியை அந்தந்த இடத்தில் கொடுத்து, வைத்தியர் பழைய வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியான பக்கத்தை எழுதி, திகதியும் ஒப்பமும் இடும் வரை நின்று வாங்குங்கள். காத்திருப்புப் பட்டியலில் உள்ள பதிவை நீங்கள் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே அந்தப் பிரிவின் தாதியிடம் அதை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள்.